வினைமுற்றும் கூப்பிய கைகளும்

பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்திலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து இடம்பெறுவது இயல்பு. இரண்டு வரிக்கு மிகாத, எமோஜிகள் மலிந்த அச்செய்திகளை இருபுறமும் பெயர்த்துவரும் எனக்குப் பொருளைக் காட்டிலும் மரியாதையைப் பெயர்ப்பதே அரிதாக இருந்துவருகிறது. இரு மொழிகளிலும் அது ஒரே இடத்தில் தங்குவதில்லை.

தமிழில் வினைமுற்றின் விகுதியே முன்னிலையாரின் தகுதியைக் காட்டிவிடும். 'வந்தியா', 'வந்தீங்களா' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மலையாளத்தில் 'வந்நோ' என்பது இருவர்க்கும் பொது. வினையில் பாலிட விகுதிகள் மறைந்ததை ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் கேரளபாணினீயத்தில் 'புருஷபேத நிராசம்' எனக் குறித்தார். எனவே அங்கு மரியாதை 'சேச்சி', 'சேட்டா', 'சார்' என்னும் விளிகளிலும் வினையின் இறுதி இடைச்சொல்லிலும் தங்குகிறது; குறுஞ்செய்தியில் விளி தொக்குமிடத்து எமோஜியைச் சார்கிறது.

தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர் மூத்த பெண் தொழிலாளிக்கு, 'சேச்சி, நாளெ நேரத்தே வரணே 🙏' என எழுதுவதாகக் கொள்வோம். 'வரணே' என்பதன் ஏகாரம் வேண்டுகோள் பொருட்டு. இதனை 'நாளைக்கு நேரத்தோட வரணும் 🙏' எனப் பெயர்த்தால், தமிழில் அது கட்டளையாகிறது. கூப்பிய கைகள் ஏளனமாகத் தோன்றவும் கூடும். 'அக்கா, நாளைக்குக் கொஞ்சம் நேரத்தோட வந்துருங்க 🙏' என்பதே நிகரானது. 'ங்க' மூலத்தில் இல்லை. எனினும் 'சேச்சி'யும் எமோஜியும் அதனைக் கோருகின்றன. அதே வினை விளியின்றி 🙏😂 என முடியின், பேசுவோர் ஒத்த வயதுத் தோழராதல் கூடும். அங்கு 'வந்துருடா சாமி 🙏😂' பொருந்தும். எனவே எமோஜியை ஒட்டுறுப்பாகக் கொள்ளாது வினையுடன் சேர்த்தே படித்தல் வேண்டும்.

மறுதலையாகச் சிற்றூர்த் தமிழரின் 'சரிங்க 👍' மலையாளத்தில் 'சரி 👍' ஆகும்போது மேலதிகாரியின் விடைபோல் ஒலிக்கிறது. இழந்த 'ங்க'வை ஈடுசெய்ய இன்னொரு எமோஜியைக் கூட்டுதல் தகாது. அது பணிவை இறைஞ்சலாக்கிவிடும். 'சரி சேட்டா 👍' என விளியைச் சேர்த்தலே போதுமானது.

பெயர்ப்பின் செம்மையை அறிய நான் கையாளும் சோதனை ஒன்றுண்டு. எமோஜிகளை நீக்கி, மூலத்தை மலையாளியிடமும் பெயர்ப்பைத் தமிழரிடமும் காட்டி, எழுதியவர் யார், பெறுபவர் யார் என வினவுவேன். பின்னர் எமோஜிகளுடன் காட்டி மீண்டும் வினவுவேன். இருவரும் கூறும் உறவு ஒவ்வாதாயின் குறை பெரும்பாலும் விகுதியிலோ விளியிலோ இருக்கும். ஆயினும் விளியும் எமோஜியும் இல்லாத 'வந்நோ'வுக்கு இச்சோதனை உதவாது. முந்தைய உரையாடலைப் பார்த்தோ அனுப்பியவரைக் கேட்டோதான் தெளிய வேண்டும். இரண்டும் இயலாதவிடத்து 'வந்தாச்சா?' என்னும் ஆளிடம் சுட்டாத வடிவம் கைகொடுக்கும்.