சந்திப் பெயரும் பஸ் இலக்கமும்

ஊரிலே நாங்கள் பஸ்ஸை இலக்கத்தால் அழைத்தது குறைவு. பருத்தித்துறை பஸ், காரைநகர் பஸ் என்றுதான் சொன்னோம். இறங்குமிடத்தையும் அப்படித்தான் சொன்னோம்: தட்டாதெருச் சந்தி, குளப்பிட்டிச் சந்தி, நாச்சிமார் கோயிலடி. ரொறன்ரோவுக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, "54 எடு, 95 எடு" என்று வெறும் இலக்கத்தில் பேசத் தொடங்கிவிட்டோம். உண்மையில் இந்நகரத்து பஸ்களுக்கு இலக்கத்தோடு பெயரும் உண்டு. அந்தப் பெயர் வைக்கப்பட்ட முறை எங்களுக்குப் புதியதல்ல.

பெரும்பாலும் பஸ் ஓடும் பெருந்தெருவின் பெயரே அதன் பெயர். 54 லோறன்ஸ் ஈஸ்ற், 102 மார்க்கம் றோட், 43 கெனடி. இறங்குமிடத்துக்கு, அந்தத் தெருவைக் குறுக்கே வெட்டும் தெருவின் பெயர். அதாவது எங்கள் "சந்தி"தான். லோறன்ஸ் பஸ்ஸில் இருக்கும்போது "பிறிம்லி" என்று கேட்டால், அது லோறன்ஸும் பிறிம்லியும் சந்திக்கும் இடம்.

இங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் அயலவர் ஒருவருக்கு வேலைக்கான நேர்முகம் வந்தது. தொலைபேசியில், "கெனடியில் இறங்குங்கோ, கிட்டத்தான்" என்று சொன்னார்கள். அவர் லோறன்ஸ் பஸ் எடுத்துக் கெனடியில் சரியாகவே இறங்கினார். ஆனால் தொழிற்சாலை இருந்தது கெனடியும் ஷெப்பேர்டும் சந்திக்கும் இடத்தில். வடக்கே ஏறத்தாழ 4 கிலோமீற்றர். மாசி மாதத்துக் குளிரில் அவர் நடந்தே போனார், நேரம் தப்பிவிட்டது. கெனடித் தெரு நீளமானது. லோறன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேர்ட், பின்ச் எல்லாவற்றையும் அது வெட்டுகிறது. போதாததற்குக் கெனடி என்ற பெயரில் ஒரு சப்வே நிலையமும் உண்டு. அது எக்ளின்டனுக்குப் பக்கத்தில். ஆகவே இடம் சொல்லும்போது இரண்டு தெருப் பெயரையும் சொல்லவேண்டும், கேட்கவும் வேண்டும்: "கெனடி - ஷெப்பேர்ட்." இரண்டும் தெரிந்திருந்தால் அவர் லோறன்ஸில் இறங்கியபின்னும் 43 கெனடி பஸ்ஸில் வடக்கே ஏறியிருக்கலாம்.

பெயரை மட்டும் நம்பினாலும் இரண்டு இடத்தில் தடுமாற நேரும். ஒன்று, "ஈஸ்ற்" என்ற சொல். அது பஸ் போகும் திசையல்ல. யங் தெருவுக்குக் கிழக்கே உள்ள லோறன்ஸ் என்பதுதான் பொருள். மேற்கே போகிற பஸ்ஸிலும் "லோறன்ஸ் ஈஸ்ற்" என்றே எழுதியிருக்கும். திசையை அறிய, பெயருக்குப் பின் வரும் கடைசித் தரிப்பிடத்தைப் பார்க்கவேண்டும். மற்றது, தெருவே பெயர் மாறுவது. 95 யோர்க் மில்ஸ் பஸ் ஸ்காபரோவில் ஓடுவது எல்ஸ்மியர் தெருவில். மேற்கே அதே தெரு யோர்க் மில்ஸ் என்று அழைக்கப்படுவதால் பஸ்ஸுக்கு அந்தப் பெயர். எல்ஸ்மியரில் நின்றுகொண்டு "எல்ஸ்மியர் பஸ்" வரட்டும் என்று பார்த்திருந்தால் 95 எங்களைத் தாண்டிப் போய்விடும். இங்கே இலக்கம்தான் உதவும். இலக்கத்தோடு வரும் ஏ, பி எழுத்துக்களையும் கவனியுங்கள். பெயர் ஒன்றாயிருந்தாலும் சில பஸ்கள் பாதியில் திரும்பிவிடும்.

பெயர்களை ஊர்ச் சந்திகளைப் போல வரிசையாக மனனம் செய்வது நல்லது. மார்க்கம் றோட்டிலிருந்து லோறன்ஸில் மேற்கே போனால் பெருந்தெருக்கள் இப்படி வரும்: பெல்லமி, மக்கோவன், பிறிம்லி, மிட்லண்ட், கெனடி, பேர்ச்மவுண்ட். இடையிடையே சிறு தெருக்களின் பெயரும் வரும், அவற்றை விட்டுவிடலாம். மிட்லண்ட் கேட்டதும் பையை எடுங்கள். "கெனடி" என்றதும் மணிக்கயிற்றை இழுங்கள். பேர்ச்மவுண்ட் கேட்டுவிட்டால் இடம் தாண்டிவிட்டது. இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் வரும் அதே பஸ்ஸில் ஏறலாம். பிறெஸ்ரோ அட்டையில் 2018 ஆவணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எந்தத் திசையிலும் மீண்டும் ஏறலாம், வேறு கட்டணம் இல்லை.

இப்படிக் காதால் கேட்டு இறங்க முடிவதற்குக் காரணம் ஒரு வழக்கு. பார்வையற்ற சட்டத்தரணி டேவிட் லெபோவ்ஸ்கி தொடுத்த அந்த வழக்கில், பஸ்ஸிலும் ஸ்றீற்காரிலும் ஒவ்வொரு தரிப்பிடத்தையும் அறிவிக்கவேண்டும் என்று ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் 2007 இல் கட்டளையிட்டது. ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத எங்கள் பெரியவர்களுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் பஸ் மாற்றுப் பாதையில் போகும் நாட்களில் அறிவிப்பு தவறலாம். அதனால் பெரியவர்கள் வெளியே போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு விடயங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பஸ் இலக்கம், பஸ்ஸின் பெயர், இறங்கும் சந்தியின் இரண்டு தெருக்கள், அதற்கு முதல் வரும் சந்தி. சாரதியிடம் நீட்டினாலே போதும்.