விளக்கு நூர்ந்த பிறகே ஸ்பிரிட்

செவ்வரத்தை இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எல்லோரும் சின்னச் சோதனை என்றே நினைக்கிறார்கள். அமிலம் இல்லை, நச்சு வாயு இல்லை, வெடிக்கும் சாமான் ஒன்றும் இல்லை. ஒளித்தொகுப்புப் பாடம் வந்தவுடன் பிள்ளைகள் பள்ளி வளவிலேயே இலையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் நெருக்கமான ஒரு தீவுப் பள்ளி ஆய்வுகூடத்தில் எந்தச் செய்முறைக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று என்னைக் கேட்டால், செறிந்த சல்பூரிக் அமிலத்தைச் சொல்ல மாட்டேன். அமிலத்தைக் கண்டால் பிள்ளைகளே தள்ளி நிற்பார்கள். இந்த இலைச் சோதனையைத்தான் சொல்வேன்.

காரணம், ஒரே மேசையில் நெருப்பும் ஸ்பிரிட்டும் சேர்ந்து வருவது இந்தச் சோதனையில்தான். இலையை முதலில் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு அதன் கலங்களைக் கொல்ல வேண்டும். பிறகு எதைல் மதுசாரத்தில் சூடாக்கிப் பச்சையத்தைக் கரைத்தெடுக்க வேண்டும். வெளிறிய இலையைத் திரும்பவும் வெந்நீரில் தோய்த்து இளக்கி, அயடீன் கரைசல் விட்டால் மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். பள்ளிகளில் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஸ்பிரிட். தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் ஸ்பிரிட் விளக்கில்தான். ஆக, விளக்குக்குள் இருப்பதும் கொதிகுழாய்க்குள் இருப்பதும் ஒரே சாமான், இரண்டும் பற்றும்.

எதைல் மதுசாரம் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். ஆனால் பற்றுவதற்கு அது கொதிக்கத் தேவையில்லை. அதன் தீப்பற்றும் வெப்பநிலை 13 பாகை அளவில்தான் இருக்கிறது. நெடுந்தீவில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர் வராது. அதாவது மூடி திறந்த ஸ்பிரிட் போத்தல் ஒன்று எங்கள் வகுப்பறையில் எந்த நேரமும் பற்றத் தயாராக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அதன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரமானது. கொதிகுழாயின் வாயால் வழிந்து மேசைப் பலகை வழியாக, காலை மூடுபனி போலத் தாழ்வாக நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மேசையின் மறு பக்கத்தில் எரியும் ஒரு திரியைத் தொட்டால், நெருப்பு வந்த வழியே திரும்பி ஓடிவரும்.

பொது மேசையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாதுகாப்பு விதிகளைப் பெரும்பாலும் ஒரு மாணவனைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்: உன் விளக்கை அணை, உன் கூந்தலைக் கட்டு, உன் கண்ணாடியைப் போடு. நாற்பது பிள்ளைகள், நான்கு நீளமேசைகள், ஒரு மேசையில் முகத்துக்கு முகம் இரண்டு குழு என்று இருக்கிற இடத்தில் இந்த விதிகள் பாதிதான் காப்பாற்றும். ஒரு பள்ளியில் நான் பார்த்தது இது. இந்தப் பக்கக் குழு சொன்னபடியே விளக்கை மூடிவிட்டு, கொதிகுழாயை வெந்நீர் முகவைக்குள் இறக்கியது. எதிர்ப்பக்கக் குழு பிந்தி வந்தது, அவர்களின் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. சோழகக் காற்று யன்னலால் அடித்துக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் ‘பொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தபடியால் சுடர் ஒருவருக்கும் தெரியவில்லை. குழாய்க்கு மேலே காற்று நெளிவதைக் கண்ட ஒரு பிள்ளைதான் கத்தினாள். ஈரத்துணியை வாயில் போட்டதும் அது நூர்ந்துபோனது. ஒருவருக்கும் காயம் இல்லை.

“எங்கட விளக்கை நாங்கள் நூத்திட்டம் ரீச்சர்” என்று அந்தக் குழுப் பெடியன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது முழு உண்மை. அவன் விதியை மீறவில்லை. அவனுக்குக் கொடுத்த விதிதான் அந்த மேசைக்குப் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு நான் எடுக்கும் வகுப்புகளில் இந்தச் சோதனைக்கு மேசையில் விளக்கே கிடையாது. தண்ணீரை ஆசிரியர் மேசையிலோ பக்கத்து அறையிலோ மின்கேத்திலில் கொதிக்க வைத்து, சுடுதண்ணிப் போத்தல்களில் ஊற்றி வைத்துவிடுவேன். பிரித்தானியப் பள்ளி ஆய்வுகூடங்களுக்கு வழிகாட்டும் கிளீப்ஸ் அமைப்பும் இதையேதான் சொல்கிறது: இலைச் சோதனைக்குத் திறந்த சுடர் வேண்டாம், கேத்தில் தண்ணீர் போதும். மின்சாரம் இல்லாத நாளில் விளக்கில்தான் கொதிக்க வைக்க வேண்டுமென்றால், வகுப்பை இரண்டு நேரமாகப் பிரித்துவிடுவேன். முதலில் நெருப்பு நேரம், எல்லா மேசையிலும் தண்ணீர் கொதிக்கும். பிறகு ஒரே சொல்லில் எல்லா விளக்கையும் மூட வேண்டும். மூடியை ஒரு முறை தூக்கித் திரும்பப் போட்டு, விளக்குகளைச் சேர்த்து முன் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு விளக்கு போயிருந்தால் எட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்பிரிட் போத்தல் அலுமாரியை விட்டு வெளியே வரும். பிந்திய குழுவுக்காக ஒரு விளக்கை எரிய விடுவதில்லை. அவர்களுக்குப் பக்கத்துக் குழுவின் வெந்நீரில் பங்கு உண்டு.

போத்தல் வெளியே வந்தாலும் மேசைக்குப் போகாது. ஒரு குழுவுக்கு வேண்டியது இரண்டு சென்ரிமீற்றர் அகல இலைத்துண்டு மூழ்கும் அளவு ஸ்பிரிட், அதாவது 5 மில்லிலீற்றர். எட்டுக் குழுவுக்கு 40. எனவே 100 மில்லிலீற்றர் சிறு போத்தல் ஒன்று மட்டும் அறைக்குள் வந்தால் போதும். குழுவில் ஒருவர் குழாயோடு முன்னுக்கு வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய போத்தலை நெருப்புள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு மட்டும் பல சாட்சிகள் இருக்கின்றன. நியூயோர்க்கில் ஜனவரியிலும், ரீனோவிலும் டென்வரிலும் செப்டெம்பரிலும், பிள்ளைகளுக்குச் சுடர் காட்டுவதற்காகப் பெரிய கொள்கலனிலிருந்து மெதனோல் ஊற்றியபோது நெருப்பு கொள்கலனுக்குள் திரும்பிப் பாய்ந்தது. டென்வரில் அது ஒரு தாரையாகப் பீறிட்டு, சுமார் பன்னிரண்டு அடி தள்ளியிருந்த மாணவனைச் சுட்டது. இப்படியான விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை முதலாவதாகச் சொன்ன விடயம், மொத்தக் கொள்கலனைச் செய்முறை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவராதே என்பதுதான்.

கேத்தில் தண்ணீரில் ஒரு குறை உண்டு, அதைப் பிள்ளைகளுக்கு முன்னமே சொல்ல வேண்டும். கண்ணாடி முகவையில் ஊற்றியதும் தண்ணீரின் சூடு விரைவாக இறங்கும். 78 பாகைக்குக் கீழே போனதும் குழாயில் குமிழி நின்றுவிடும். இலை அரைப் பச்சையாகவே இருக்கும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு விளக்கின் நினைவு வரும். “கொஞ்சம் சூடாக்கட்டே ரீச்சர்?” என்று கேட்பார்கள். கேட்காமல் செய்கிற பிள்ளையும் இருப்பான். அதற்கு விடை, ஆறிய தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டுப் போத்தலிலிருந்து புதுச் சுடுதண்ணீர் விடுவது. மெல்லிய செவ்வரத்தை இலைக்கு இரண்டாவது தண்ணீர் அனேகமாகப் போதும். தடித்த இலையைக் கொண்டுவந்த குழுவுக்கு மூன்றாவதும் வேண்டியிருக்கும். ஆகவே இலை பிடுங்கும்போதே இளசாகவும் மெல்லிசாகவும் பார்த்துப் பிடுங்கச் சொல்கிறேன். இலை மெல்லிசாக இருந்தால் பொறுமையும் மிஞ்சும், பொறுமை இருந்தால் தீப்பெட்டியைத் தேட மாட்டார்கள்.

யன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோழகம் அடிக்கிற மாதங்களில் பிள்ளைகள் யன்னலைச் சாத்தப் பார்ப்பார்கள், புத்தகத் தாள் பறக்கிறது என்பார்கள். நெருப்பு நேரத்தில் காற்றுப் பக்க யன்னலைச் சாத்தலாம். ஸ்பிரிட் நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். சாத்திய அறையில் ஆவி கலைய வழி இருக்காது. புத்தகப் பைகள் முழுவதும் விறாந்தையில்தான். வாங்குகளுக்கு இடையில் ஒரு பை கிடந்தால், சுடுதண்ணீர் முகவையோடு வருகிற பிள்ளை விழுவதற்கு அது போதும். பெண்பிள்ளைகளின் இரட்டைப் பின்னலை நைலோன் ரிப்பனோடு சேர்த்து முதுகுப் பக்கம் ஒன்றாகக் கட்ட வேண்டும். குனியும்போது முன்னுக்கு விழுவது ரிப்பன் நுனிதான். நைலோன் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் விட வேண்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் கடல்தான் காரணம். ஊர்காவற்றுறையில் ஒரு பிள்ளைக்குத் தீக்காயம் பட்டால் ஆதார வைத்தியசாலை ஊருக்குள்ளேயே உண்டு. அதற்கு மேல் தேவையென்றால் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகலாம். நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து சிறு படகுப் பயணம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். அங்கிருந்து போதனா வைத்தியசாலைக்கு இன்னும் நீண்ட தெரு. கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. தீவு வைத்தியசாலை செய்யக்கூடியதைச் செய்யும். ஆனால் காயம் எவ்வளவு ஆழமாகும் என்பதில் பெரும் பங்கு முதல் இருபது நிமிடங்களில் ஆய்வுகூடத்துக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

அந்த இருபது நிமிடத்துக்குத் தண்ணீர் வேண்டும். சுட்ட இடத்தில் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் ஓடினால் 30 லீற்றர். குழாய்த் தண்ணீரை நம்பி இருக்க முடியாத இடத்தில், கிணறும் உவராக இருக்கிற இடத்தில், 30 லீற்றர் நல்ல தண்ணீரை ஒரு மூலையில் சும்மா வைத்திருப்பது வீண்செலவாகத் தெரியும். குடிக்கத் தட்டுப்பாடான நாளில் அதில் ஒரு சிரட்டை எடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அதனால் குழாய் பூட்டிய கலன் ஒன்றில் நிரப்பி, செய்முறை உள்ள நாளில் காலையில் மட்டம் பார்த்துக் கோடு போடுவேன். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் அன்றைக்கு நெருப்புச் செய்முறை இல்லை, வேறு பாடம் நடத்துவேன். கண்ணில் அயடீனோ அமிலமோ தெறித்தாலும் இதே கலன்தான், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ஆனால் கலன் காலியாக இருக்கும்போது விபத்து நடந்துவிட்டால், நல்ல தண்ணீர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சுத்தமான கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தாலும் உடனே ஊற்ற வேண்டும். பற்பசை பூசும் பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் உண்டு. அது சூட்டை உள்ளே பூட்டிவிடும், பிறகு காயத்தைத் துடைக்கும்போது தோலையும் உரிக்கும். அதையும் இந்தப் பாடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடத்தைவிட அடுப்படியில்தான் இந்தப் பிள்ளைகளுக்கு அது அதிகம் உதவும்.

சோதனை முடிந்ததும் குழாய்களில் பச்சையாகத் தங்கும் ஸ்பிரிட்டைத் தொட்டியில் ஊற்ற விடுவதில்லை. சுண்ணாம்புக் கல் நிலத்தில் நாங்கள் ஊற்றுவது எங்கள் கிணற்றைத்தான் போய்ச் சேரும். திருகுமூடி போட்ட போத்தல் ஒன்றில் சேர்த்து, “இலைச் சோதனை, பாவித்த ஸ்பிரிட்” என்று எழுதி ஒட்டுகிறோம். அடுத்த வகுப்பின் முதல் தோய்ப்புக்கு அது போதுமானது. விளக்கில் மட்டும் அதை ஊற்றக் கூடாது, கரைந்த பச்சையம் திரியை அடைத்துவிடும். எட்டுக் குழாய்களும் முன் மேசைக்கு வந்து, இரண்டு போத்தலும் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப் போட்ட பிறகுதான் அடுத்த வகுப்புக்கு விளக்குகளை எடுத்து வைப்போம்.