ஜிம்முல முதல் நாள்: எத்தனை கிலோவுல ஆரம்பிக்கறது?

ஜிம்முக்கு முதல் நாள் போகப்போறீங்களா? இந்த இழையைப் படிச்சிட்டுப் போங்க. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

மாமல்லபுரத்துல கல் சிற்பம் செதுக்குற ஒரு தம்பி. வயசு முப்பத்தி நாலு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உளியும் சுத்தியலும் பிடிக்கிற கை. ஒரு மே மாசம், திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு செங்கல்பட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். ரெண்டு முழங்கையும் மடங்கின மாதிரியே நின்னுடுச்சு, நீட்ட முடியல. "ஜிம்முக்குப் போய் மூணு நாள் ஆச்சு டாக்டர், வலி குறையவே இல்ல" என்றார்.

புது உடற்பயிற்சி செஞ்சா ரெண்டு மூணு நாள் வலிக்கிறது சகஜம். அதனால அடுத்த கேள்வியைக் கேட்டேன்: "சிறுநீர் என்ன நிறத்துல போகுது?"

கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்னார்: "கட்டஞ்சாயா மாதிரி சார். வெயில் சூடுன்னு நெனச்சேன்."

அது சூடு இல்லைங்க. தசை நார்கள் அளவுக்கு மீறி சிதைஞ்சு, உள்ளே இருக்குற மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்துல கலந்து, சிறுநீரகம் வழியா வெளியேறுது. இதுக்கு ராப்டோமயோலைசிஸ்னு பேரு. கவனிக்காம விட்டா சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். அந்த நிலைமையில வலி மாத்திரையும் வாங்கிப் போட்டிருந்தார். தண்ணி வத்தின உடம்புல அது சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. உடனே அட்மிஷன், நரம்பு வழியா திரவம், தினமும் ரத்தப் பரிசோதனை. நல்லவேளை, டயாலிசிஸ் வரைக்கும் போகல.

உளி பிடிக்கிற கைக்கு எப்படி இது வந்துச்சு? முதல் நாளே நண்பர் ரெண்டு கையிலயும் 12.5 கிலோ டம்பெல் கொடுத்திருக்கார். தூக்க முடியாதப்போ நண்பர் தூக்கிவிட, இவர் மட்டும் மெதுவா இறக்கியிருக்கார். செட் செட்டா. எடையை இறக்கும்போது தசை சுமையோட நீளுது. அந்த வேலைக்குப் பழகாத தசைக்குத்தான் அதிக சேதம். சுத்தியல் அடிக்கிறதுல இவர் தசைகளுக்குக் கிடைச்ச பழக்கம் வேற. உடம்பு பலமா இருக்குங்கறதும், அந்த அசைவுக்குப் பழகியிருக்குங்கறதும் ஒண்ணு இல்ல. கூடவே மூடின ஷெட், கடற்கரைப் புழுக்கம், தண்ணியும் குடிக்கல.

சில வாரம் கழிச்சு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியான பிறகு, "திரும்பப் போகலாமா சார்?" என்று கேட்டார். போகலாம்னு சொல்லிட்டு நானும் கூடவே போனேன். நாங்க செஞ்சதை அப்படியே சொல்றேன்.

முதல்ல குந்தி எழுறது. எடையே இல்லாம பத்து முறை. குதிகால் தரையிலயே இருக்கா, முதுகு கூன் விழுதா, முட்டி உள்பக்கமா சாயுதான்னு மட்டும் பார்த்தேன். நல்லா இருந்தது. அடுத்து நெஞ்சோட அணைச்சுப் பிடிச்ச 5 கிலோ டம்பெல், பத்து முறை. ரெண்டு நிமிஷம் ஓய்வு. அப்புறம் 10 கிலோ.

ஒவ்வொரு செட் முடிஞ்சதும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "இதே மாதிரி ஒழுங்கா இன்னும் எத்தனை முறை செய்வீங்க?" அஞ்சு கிலோவுக்கு "எவ்வளவு வேணாலும் சார்". பத்துக்கு "இன்னும் எட்டு". பதினஞ்சுக்கு கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு "மூணு, நாலு". அங்கேயே நிறுத்திட்டோம். பத்து முறை முடிச்சும் மூணு நாலு மிச்சம் இருக்கணும். முதல் நாளுக்கான எடை அதுதான்.

அடுத்து முழங்கை மடக்குற பயிற்சி, பழைய வில்லன். 2.5 கிலோவைக் கையில கொடுத்ததும் சிரிச்சார். "வெண்ணெய் உருண்டைப் பாறையை தள்ளுற மாதிரி போட்டோ எடுக்கிற ஊர்க்காரன் சார் நான்!" சிரிங்க, ஆனா பத்து முறை செய்ங்கன்னேன். அப்புறம் 5. அதுலயும் சுலபம். 7.5ல கடைசி ரெண்டு முறை வேகம் குறைஞ்சது, ஆனா முழங்கை இடுப்புப் பக்கத்துலயே இருந்தது, உடம்பு ஆடல. மிச்சம் எத்தனைன்னு கேட்டா "நாலு" என்றார்.

உங்களுக்கா இருந்தா 7.5 தான் ஆரம்ப எடைன்னு சொல்லியிருப்பேன். இவருக்கு ஏற்கனவே அடிபட்ட தசை என்பதால ஒரு படி கீழே, 5 கிலோ போதும்னு எழுதிக் கொடுத்தேன். அன்னிக்கு அதுக்கு மேல ஒரு செட்டும் இல்ல. ஏன்னா சோதிச்ச செட்டுகளே முப்பது முறை ஆயிடுச்சு. எடை தேடுறதே அன்னிக்கான பயிற்சின்னு பலருக்கும் தெரியல. தேடி முடிச்சிட்டு "இப்ப ஆரம்பிக்கலாம்"னு இன்னும் நாலு செட் போடுவாங்க.

7.5க்கு அப்புறம் 10ஐ ஏன் எடுக்கலைன்னு கேட்பீங்க. 5ல இருந்து 7.5க்குப் போறதே ஐம்பது சதவீத உயர்வு. சின்ன டம்பெல்ல ஒவ்வொரு படியும் பெரிய தாவல். காலுக்கு அஞ்சு கிலோ ஏத்தினா தாங்கும், கைக்கு அப்படி இல்ல. அடுத்த எடை இல்லேன்னா அதே எடையில பத்தை பன்னிரண்டு ஆக்குங்க.

"இன்னும் எத்தனை முடியும்"கிற கணிப்பு புதுசா வர்றவங்களுக்கு சரியா வராது. அதனால வாயை மட்டும் நம்பாம உடம்பையும் பாருங்க. தூக்கும்போது மூச்சை அடக்குறீங்களா, முகம் சுருங்குதா, முதுகை வளைச்சு வீசித் தூக்குறீங்களா, இறக்கும்போது எடை உங்களை இழுக்குதா? இதுல ஒண்ணு வந்தாலும் எண்ணிக்கை முடியலைன்னாலும் நிறுத்துங்க, ஒரு படி இறங்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரலேன்னா பலம் குறைஞ்ச கைதான் எடையை முடிவு பண்ணணும்.

நோட்டுல எழுதும்போது ஒரு விஷயம். ஒலிம்பிக் ராடு 20 கிலோ. நம்ம ஊர் ஜிம்கள்ல கிடக்குற சின்ன ராடுகள்ல எடையே எழுதியிருக்காது. குளியலறை எடை மெஷின்ல ராடோட ஏறி, பிறகு ராடில்லாம ஏறி, கழிச்சுப் பாருங்க. கேபிள் மெஷின்ல போட்டிருக்கற எண்ணை வேற ஜிம்முக்குக் கொண்டு போகாதீங்க. கப்பி அமைப்பு மாறினா அதே எண்ணுக்கு வேற சுமை. புது மெஷின்னா மறுபடி முதல் பிளேட்ல இருந்துதான்.

இது புது யோசனையும் இல்ல. 1945ல தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், போர்ல காயப்பட்டவங்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்ததை எழுதினார். ஒருத்தர் பத்து முறை மட்டுமே தூக்க முடியுற எடை எதுன்னு கண்டுபிடிச்சு, பின்னாளில் அதுல பாதி, முக்கால், முழுசுன்னு மூணு செட்டா ஏத்தினார். நாம முதல் நாள் அந்த முழுசு வரைக்கும் போறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டுப்பாட்டுல இல்லாத ரத்த அழுத்தம், நடந்தா நெஞ்சு அடைக்கிற உணர்வு, சர்க்கரையால கண் விழித்திரை பாதிப்பு, குடலிறக்கம் இருக்கறவங்க டம்பெல்லைத் தொடறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைப் பாருங்க.

அந்தத் தம்பிக்கு அடுத்த வாரம் போன் பண்ணிக் கேட்டேன். "ரெண்டு நாள் லேசா வலி இருந்துச்சு சார். சிறுநீர் தண்ணி மாதிரிதான் போகுது. நோட்டு போட்டிருக்கேன். 5 கிலோ இப்ப பன்னண்டு வருது. 7.5 எடுக்கலாமா?"

எடுங்க, முதல்ல ஒரே ஒரு செட்டுன்னு சொன்னேன்.