31ஆம் நாளுக்குப் பின்னர்

பத்திரிகை அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் மரண அறிவித்தல்களின் ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதலில் மரண அறிவித்தல். 31ஆம் நாளில் நினைவஞ்சலியும் நன்றி நவிலலும். பிறகு ஓராண்டு நிறைவில் படத்துடன் ஒரு விளம்பரம். இவற்றுக்கிடையே எதுவும் அச்சாவதில்லை. அந்த இடைவெளிகளில் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை, 2023ஆம் ஆண்டு என் மனைவி காலமான பின்னர்தான் உள்ளிருந்து பார்த்தேன்.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் இதற்கென ஓர் அட்டவணை உண்டு. காடாத்து, எட்டுச் செலவு, 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, அதைத் தொடர்ந்து வீட்டுக்கிருத்தியம், பின்னர் ஆட்டைத் திவசம். (தமிழக நண்பர்களுக்காக: எட்டுச் செலவு என்பது இறந்தவர் விரும்பி உண்டவற்றைப் படைக்கும் நாள். அந்தியேட்டியோடு துடக்குக் கழியும்.) நல்ல ஏற்பாடு என்றே இன்றும் கருதுகிறேன். மூளை வேலை செய்யாத நாட்களில் அடுத்து என்ன செய்வது என்பதை அது சொல்லித் தருகிறது. ஆனால் அந்த அட்டவணை சொல்வது கடமைகளின் கால எல்லையை மட்டுமே. வீட்டுக்காரர் எப்போது கோயிலுக்குப் போகலாம் என்று அது சொல்லும். எப்போது அழுகையை நிறுத்த வேண்டும் என்று சொல்வதில்லை. உறவினர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வீட்டுக்கிருத்தியம் முடிந்த மறுநாள் பெரியம்மா வந்தார். என் தாயின் தமக்கை; வயது எண்பதைத் தாண்டியவர்; சிறு வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர். கையோடு இரண்டு மட்டைப்பெட்டிகள் கொண்டு வந்திருந்தார்.

"இனி அவளின்ரை சீலையளை வீட்டிலை வைச்சிருக்கக் கூடாது, தம்பி. ஆருக்கும் குடுத்துவிடு. படத்தையும் முன் விறாந்தையிலையிருந்து எடு. பாத்துப் பாத்து அழுதுகொண்டிருந்தால் அவளின்ரை ஆத்மாவும் போகாது."

அன்பினால் வந்த சொல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த அலுமாரியைத் திறப்பதற்கு மகளும் நானும் ஆயத்தமாக இருக்கவில்லை. வீட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். எனவே பெரியம்மாவைக் குசினிப் பக்கம் அழைத்துச் சென்று, தேநீர் கொடுத்த பின் சொன்னேன்:

"பெரியம்மா, செய்யவேண்டிய கிரியையள் எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தாச்சு. ஆட்டைத் திவசத்துக்கும் நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு செய்விக்கவேணும். அலுமாரியை நானும் பிள்ளையும் பாத்துக்கொள்ளுறம்."

மூன்று வசனங்கள்தாம். முதலாவது, அவருக்கு உரியதை அவருக்குக் கொடுக்கிறது. கிரியைகளில் அவரே எங்கள் குடும்பத்தின் அதிகாரி. அதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது, அந்த அதிகாரம் இனியும் தொடரும் என்று உறுதி தருகிறது. மூன்றாவது, கதவைச் சாத்துகிறது. அதில் ஒரு காரணமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "பிள்ளைக்கு விருப்பமில்லை" என்று சொல்லியிருந்தால் அவர் நேரே பிள்ளையிடம் போயிருப்பார். "இப்ப வேண்டாம்" என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியோடு வந்திருப்பார். நம்மவர்களிடம் காரணம் சொல்வது விவாதத்துக்கு அழைப்பு விடுப்பதாகும். விவாதம் என்று வந்தால் வயதில் மூத்தவரே வெல்வார்.

இரண்டு கிழமை கழித்து மீண்டும் கேட்டார். அதே மூன்றாவது வசனத்தை, சொல் மாறாமல், குரலும் உயராமல் சொன்னேன். வசனத்தை மாற்றினால் மனமும் மாறக்கூடும் என்று கேட்பவர் எண்ணுவார். மூன்றாம் முறை அவர் கேட்டது அலுமாரியைப் பற்றியல்ல, திவசத்துக்கான திதியைப் பற்றி.

மரியாதை கருதிப் பேசாதிருப்பதே நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. கணவனை இழந்த பெண் எல்லாவற்றுக்கும் "ம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வெளியே சென்று திரும்பியபோது கணவரின் சேட்டுகள், செருப்பு, மூக்குக்கண்ணாடி எதுவுமே வீட்டில் இல்லை. எடுத்துச் சென்றவர்கள் தீயவர்கள் அல்லர். அந்த "ம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். மறுபுறம், சபையில் வைத்துச் சினந்து பேசினால் அது குடும்ப வழக்காகிவிடும். துக்கத்தோடு அதையும் சுமக்க வேண்டி வரும்.

அறிவுரை எதிர்த்திசையிலிருந்தும் வரும். என் மகள் மூன்றாவது கிழமையே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினாள், பரீட்சை இருந்தது. "தாய் செத்து இன்னும் துடக்குக் கழியேல்லை, அதுக்கிடையிலை கம்பசோ?" என்று ஓர் உறவுக்காரப் பெண் அவளிடமே கேட்டுவிட்டார். இங்கே பிள்ளை பதில் சொல்ல முடியாது. சொன்னால் அது வாய்காட்டுவதாகிவிடும். நம் உறவு முறையில் இளையவருக்கான எல்லையை அவருக்கு மூத்த ஒருவர்தான் போட்டுக்கொடுக்க வேண்டும். நான் அன்று மாலையே தொலைபேசியில் சொன்னேன்: "அவளை நான்தான் போகச் சொன்னனான், அக்கா. ஏதும் கேக்கிறதெண்டால் என்னைக் கேளுங்கோ." அதன் பின்னர் அவர் என்னையும் கேட்கவில்லை.

லண்டனில் இருக்கும் என் மைத்துனருடைய விடயம் வேறு வகையானது. மனைவியின் இளைய சகோதரர். துக்கத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டென்றும், ஆறு மாதமாகியும் நான் இன்னும் "ஏற்றுக்கொள்ளும்" நிலைக்கு வரவில்லையென்றும் வட்ஸ்அப்பில் காணொளிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-றோஸ் 1969இல் எழுதியது, தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. அவற்றைப் பிரிவுத் துயரில் இருப்போரின் நேரசூசியாகக் கொள்வது பிற்காலத்து வழக்கம். நீடித்த துயரை ஒரு நோயாக வகுத்திருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியல்கூட, குறைந்தது ஆறு மாதங்கள் கடந்திருக்க வேண்டும், சமூக வழக்கம் எதிர்பார்ப்பதை மிஞ்சியிருக்க வேண்டும், அன்றாட வாழ்வே குலைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வைக்கிறது. நான் வேலை செய்துகொண்டிருந்தேன், சமைத்தேன், உறங்கினேன், இடையிடையே அழுதேன்.

இதையெல்லாம் அவருக்கு நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் பத்துக் காணொளிகள் வந்திருக்கும். தவிர, அவர் தமக்கையின் செத்தவீட்டுக்கு வர முடியாமற் போனவர். என்னைத் திருத்துவதன் ஊடாகத் தம் துக்கத்தைத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பட்டது. ஆதலால் இப்படிச் சொன்னேன்: "தம்பி, அக்காவைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் எந்த நேரமும் எடும். நான் எப்பிடி இருக்கவேணும் எண்டதை மட்டும் என்னட்டை விடும்."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா" என்று கேட்பவருக்கு இந்தக் கதவைச் சாத்தக் கூடாது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும், தானும் போய்விட்டால் நல்லது என்று சொல்லத் தொடங்குபவருக்கும் உறவினரின் தலையீடு வேண்டும், வைத்தியரும் வேண்டும். எத்தனை நாள் என்று எண்ணுபவரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பவரையும் பிரித்தறிவது அப்படியொன்றும் கடினமல்ல.

மைத்துனர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கிறார். சிறு வயதில் அக்கா தன்னைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று வாய்க்காலில் விழுத்திய கதையை நாலைந்து தடவை சொல்லிவிட்டார். எப்போதாவது மறந்துபோய், "அத்தான், நீங்கள் இனியாவது..." என்று தொடங்குவார். அதே வசனத்தைச் சொல்வேன். "சரி, சரி" என்று சிரித்துவிட்டு, ஊரில் மழையா என்று கேட்பார்.