பிரீசரில் இருந்து சட்டிக்கு

என்னுடைய அம்மாவுக்கு மீன் பார்க்கத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண் குழி விழுந்திருக்கா என்று பார்ப்பார், விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "உது முந்தநாள் மீன், வேண்டாம் பிள்ளை" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படியாகவே சொல்வார். ஒடாஹுஹுவில் கிரேட் சவுத் வீதியில் உள்ள மீன் கடைகளில் அவர் சொன்னது பிழைத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே அம்மாதான் இரவு பத்து மணிக்கு இரண்டு கிலோ ஆட்டிறைச்சியைப் பிரீசரில் இருந்து எடுத்து, சிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போவார்.

இதில் முரண்பாடு இல்லை. ஊரில் மீன் காலையில் வந்தது, மத்தியானம் குழம்பானது. இறைச்சி வாங்கிய அன்றே சட்டிக்குப் போனது. உறைந்த இறைச்சியை இளக வைப்பது என்ற வேலையே அந்த அடுப்படியில் இருக்கவில்லை. அதனால் அம்மம்மாவிடம் இருந்து அம்மாவுக்கும், அம்மாவிடம் இருந்து எனக்கும் வந்த சமையல் அறிவில் இந்த ஒரு இடம் வெறுமையாகவே இருக்கிறது. எங்கள் தலைமுறைதான் அதை நிரப்ப வேண்டியிருக்கிறது, அதுவும் அம்மாவின் கண்முன்னால், அவருடைய சமையலறையில்.

அம்மாவின் வாதங்கள் இரண்டு. முதலாவது, "இஞ்சத்தைய குளிருக்குக் கிச்சனே பிரிட்ஜ் மாதிரித்தான் கிடக்கு." ஆக்லாந்தில் யூலை மாதம் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஆனாலும் கை விறைக்கிற சமையலறை கூட பிரிட்ஜ் அளவுக்குக் குளிர்வது அரிது. நியூசிலாந்தின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை பிரிட்ஜை 2 முதல் 5 பாகைக்குள் வைக்கச் சொல்கிறது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இரண்டு கிலோக் கட்டியில் நடு இன்னும் கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். தைப்பொங்கல் காலத்து இரவு என்றால் அந்த வெளிப்பக்கம் பல மணித்தியாலம் இருபது பாகையைத் தாண்டி இருக்கும். "நடுவில ஐஸ் இருக்குத்தானே" என்பது நடுவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இரண்டாவது வாதம் பலமானது. "நல்லாக் கொதிக்க வைச்சா எல்லாம் செத்துப் போகும்." கிருமி சாகும், உண்மை. ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன் விட்டுப்போகும் நஞ்சு சாகாது. எங்கள் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் இறைச்சியில் சூட்டில் பெருகி உண்டாக்கும் நஞ்சு, அரை மணித்தியாலம் கொதித்தாலும் அப்படியே இருக்கும். மீனில் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது, பெயர் ஹிஸ்டமின்.

அதைப் பற்றி எனக்குத் தெரியவந்தது எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனால். ஒன்பது வயது. ஒரு குடும்ப விருந்தில் கஹவாய் மீன் பொரியல் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் முகம், கழுத்து எல்லாம் சிவந்து, தலையிடியும் சத்தியும் வந்துவிட்டது. "பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டில் முடிவெடுத்து, பல மாதம் அவனுக்கு மீனே கொடுக்கவில்லை. பிறகு டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேறு யாருக்கும் சிவந்ததா?" என்பது. பெரியப்பாவுக்கும் சிவந்திருந்தது, அவர் வெயில் என்று நினைத்து விட்டுவிட்டார். சோதித்துப் பார்த்ததில் பையனுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை.

கஹவாய், சூரை, கானாங்கெளுத்தி, கிங்ஃபிஷ் போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டானால் பொரித்தாலும் போகாது, பிரீசரில் போட்டாலும் போகாது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி உறைந்த மீனிலும் அழியாமல் இருந்து, இளகியதும் மீண்டும் வேலையைத் தொடங்கக்கூடியது. மணமும் காட்டிக்கொடுக்காது. சிலருக்கு நாக்கில் மிளகு கடித்ததுபோல ஒரு உறைப்புத் தெரியும், எங்கள் குழம்பில் அதை யார் கண்டுபிடிப்பது? அம்மாவின் மூக்கு தோற்கும் இடம் இது. அதனால் யாராவது தூண்டில் போட்டுப் பிடித்த கஹவாயைத் தந்தால், பிடித்தவுடனேயே ஐஸில் போட்டார்களா என்று நான் கூச்சப்படாமல் கேட்டுவிடுவேன்.

இனி, வீட்டில் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி என்றால் வியாழன் இரவே இறைச்சி பிரீசரில் இருந்து பிரிட்ஜுக்கு வந்துவிடும். இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் என்பது பொதுக் கணக்கு. எலும்போடு வெட்டித் துண்டுகள் ஒட்டிய கட்டிக்கு நான் அரை நாள் கூட்டி வைப்பேன். உயரமான விளிம்புள்ள தட்டில், பிரிட்ஜின் கீழ்த்தட்டில். கீழ்த்தட்டு ஏனென்றால், வடியும் இரத்தத் தண்ணீர் சலாட் மீதோ பிள்ளையின் யோகட் மீதோ விழக்கூடாது. வெள்ளி பின்னேரம் ஒருமுறை எடுத்து, பிரியும் துண்டுகளைப் பிரித்துப் பரப்பிவிட்டுத் திரும்ப வைப்பேன். சனி காலை கத்தி முனையை நடுத்துண்டின் எலும்போரம் குத்திப் பார்த்தால் போதும். ஐஸ் இருந்தால் நறுக்கென்று நிற்கும்.

"ரெண்டு நாளோ! பிரீசரில போட ஒரு இரவு, எடுக்க ரெண்டு நாளோ?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. உறையும்போது வெளியில் முதலில் ஐஸ் படுகிறது, ஐஸ் குளிரை உள்ளே நன்றாகக் கடத்தும். இளகும்போது வெளியில் முதலில் படுவது தண்ணீர் கொண்ட சதை. அது ஐஸை விடப் பல மடங்கு மோசமான கடத்தி, நடுவுக்குப் போர்வை போட்டதுபோல ஆகிவிடும். போதாததற்குப் பிரீசருக்கும் இறைச்சிக்கும் இடையில் இருந்த வித்தியாசம் பெரியது, பிரிட்ஜுக்கும் ஐஸுக்கும் இடையில் நாலைந்து பாகைதான்.

இதில் இருந்து கிடைக்கும் பயன், கட்டியின் எடையை விடத் தடிப்புத்தான் நேரத்தைத் தீர்மானிக்கும் என்பது. தடிப்பு இரட்டித்தால் நேரம் நாலு மடங்கு வரை கூடலாம். அதனால் இப்போது கடையில் இருந்து வந்ததும் இறைச்சியை அரைக் கிலோப் பைகளில், இரண்டு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டையாக அமர்த்தி, கொப்பி அடுக்குவதுபோல அடுக்கி உறைய வைக்கிறேன். இரவு பிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் பின்னேரத்துக்குள் தயார். இந்த மாற்றத்துக்கு மட்டும் அம்மா எந்த எதிர்ப்பும் சொல்லவில்லை, பிரீசரில் இடம் மிச்சம் என்பதால்.

மறந்துபோன நாளுக்குக் குளிர்தண்ணீர். வேலை முடிந்து நாலு மணிக்கு வருகிறேன், ஐந்தரைக்கு மீன் குழம்பு வைக்க வேண்டும் என்று வைப்போம். 800 கிராம் மீன் துண்டுகள். ஓட்டையில்லாத சிப் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, பெரிய சட்டியில் குளிர்தண்ணீர் நிறைத்து, மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கிவிடுவேன். தண்ணீர் காற்றை விடப் பல மடங்கு விரைவாகச் சூட்டைக் கொடுக்கும். நாலரைக்குத் தண்ணீரை மாற்றுவேன், துண்டுகளைப் பையோடு பிசைந்து பிரித்துவிடுவேன். ஐந்துக்கு இன்னொருமுறை மாற்றம். ஐந்தேகாலுக்குத் துண்டு வளையத் தொடங்கும், உடனே சட்டிக்கு. அரை மணிக்கு ஒருமுறை மாற்றுவது தண்ணீர் குளிராகவே இருக்கவும் அதே நேரம் ஐஸ் தண்ணீராக உறைந்து நிற்காமல் இருக்கவும்தான். அரைக் கிலோவுக்கு ஒரு மணித்தியாலம் என்று கணக்கு வைத்தால் பெரும்பாலும் சரிவரும், மெல்லிய துண்டுக்கு இன்னும் குறைவு.

இரண்டு இடத்தில் இது பிழைக்கும். பை ஒழுகினால் மீன் ஊறிச் சப்பென்று ஆகும், தண்ணீரில் உள்ளதும் மீனுக்குப் போகும், மீனில் உள்ளதும் சிங்குக்குப் போகும். மற்றது, "கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தினா கெதியா இளகுமே" என்ற ஆசை. வெதுவெதுப்பான தண்ணீர் வெளிச்சதையைக் கிருமிக்குப் பிடித்த சூட்டுக்கே கொண்டுபோகும். அமெரிக்க உணவகங்களுக்கான விதியில் ஓடும் தண்ணீருக்கே 21 பாகைதான் உச்சம். பெப்ரவரியில் குழாய்த் தண்ணீர் கையில் குளிரவில்லை என்றால் நாலைந்து ஐஸ் கட்டி போட்டுக்கொள்வேன்.

மைக்ரோவேவை நான் கொத்திறைச்சிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மைக்ரோவேவ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும் அளவுக்கு ஐஸ் உறிஞ்சாது. அதனால் முதலில் இளகிய மூலை மேலும் மேலும் சூடாகி, நடு கல்லாக இருக்கும்போதே வேகத் தொடங்கும். குறைந்த சக்தியில், அதாவது டிஃப்ரொஸ்டில், இரண்டு நிமிடம் ஓட்டி, இளகியதை முள்ளுக்கரண்டியால் சுரண்டி வேறு பாத்திரத்தில் எடுத்துவிட்டு, மீதியைத் திரும்ப வைப்பேன். கடைத் தட்டையும் பிளாஸ்டிக் உறையையும் முதலே கழற்றிவிட வேண்டும். அரைவேக்காடான பகுதி இருப்பதால் இதைப் பிறகு சமைக்கலாம் என்று வைக்கவே கூடாது. தண்ணீரில் இளகியதுக்கும் அதே சட்டம். பிரிட்ஜில் இளகியதற்கு மட்டும்தான் அவகாசம் உண்டு: கோழி, மீன், கொத்திறைச்சிக்கு ஒன்றிரண்டு நாள், ஆட்டுத் துண்டுகளுக்கு மூன்று நாள் வரை.

கோழிக்கு மட்டும் ஒரு தனிச் சொல். 2006 அளவில் கம்பைலோபக்டர் என்ற வயிற்றோட்டக் கிருமி இந்த நாட்டை உலுக்கியது. கோழியே முக்கிய காரணம். கோழித் தொழிற்சாலைகளில் கட்டுப்பாடு வந்தபின் பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் போய்விடவில்லை. உறைய வைப்பது அதைக் குறைக்கும், ஒழிக்காது. இந்தக் கிருமி சமையலறைச் சூட்டில் பெருகுவதில்லை, பெருகத் தேவையும் இல்லை, கொஞ்சம் போதும். ஆகவே இளகிய கோழியில் வடிந்த தண்ணீர்தான் ஆபத்து. அதைக் குழாயின் கீழ் மஞ்சள் போட்டுக் கழுவினால் பெஞ்ச் முழுக்கத் தெறிக்கும். இந்தக் கழுவலை நிறுத்தத்தான் எங்கள் வீட்டில் அதிக நாள் எடுத்தது. இப்போது அம்மா கோழியைக் கடதாசித் துவாயால் ஒற்றி எடுத்துவிட்டு, மஞ்சளையும் உப்பையும் சட்டியிலேயே பிரட்டுகிறார். "மணம் ஒண்டும் இல்லைத்தான்" என்று ஒருநாள் சொன்னார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கடைசியாக ஒன்று, காற்றுறிஞ்சிய பையில் வரும் மீன். அதைப் பிரிட்ஜில் இளக வைக்கும் முன் பையை வெட்டித் திறந்துவிடுங்கள், அல்லது மீனை எடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசக் கிருமியின் ஒரு வகை நாலு பாகைக் குளிரிலும் வளரக்கூடியது. காற்றுப் பட்டால் அது வளராது. ஒரு கத்தரிக்கோல் வெட்டுத்தான், பிரீசரில் இருந்து எடுத்த கையோடு.