டர்ன்பக்கிளில் கால் சுற்று

டை ராடு முறுக்கும் வேலையை நான் கற்றது ஒரு பழைய ஓட்டுக் கிடங்கில். கூரைப் பாரம் பக்கச் சுவர் இரண்டையும் வெளியே தள்ளியிருந்தது. சுவருக்குச் சுவர் 6 மீட்டருக்கு 20 மி.மீ. கம்பி கட்டி, வெளிப்பக்கம் தகடும் நட்டும் கொடுத்து, நடுவில் டர்ன்பக்கிளைக் கோத்தோம்.

டர்ன்பக்கிளின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. அதனால் நடு உடலைச் சுற்றினால் இரு பக்கக் கம்பிகளும் ஒருசேர உள்ளே வரும். எங்கள் மரையின் பிட்ச் 2.5 மி.மீ. என்பதால் முழுச் சுற்றுக்கு 5 மி.மீ. இடைவெளி குறையும்.

"முதல்ல தொய்வு போகணும் தம்பி. அதுவரைக்கும் சுத்தறது கணக்குல வராது" என்றார் மேஸ்திரி. சிறு சுத்தியலால் கம்பியைத் தட்டிக்கொண்டே முறுக்கினார். மந்தமாக ஒலித்த கம்பி கணீரென்று ஒலித்ததும் உடலில் சாக்பீஸ் கோடு போட்டார். கணக்கு அந்தக் கோட்டிலிருந்துதான்.

அங்கிருந்து முழுச் சுற்று முறுக்கி, சுவர் அசையாமல் நின்றால் கம்பி 5 மி.மீ. நீளும். 6,000-இல் 5 என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீட்சிக்கு இந்தக் கம்பியில் 5 டன்னுக்கு மேல் இழுவை ஏறிவிடும். மரை வெட்டிய இடத்தில் கம்பி மெலிந்திருப்பதால், சாதா இரும்பு அங்கே தன் தாங்குதிறனின் விளிம்பையே நெருங்கிவிடும். அதனால் நாங்கள் கால் சுற்றோடு நிறுத்தினோம். 1.25 மி.மீ. நீட்சி, சுமார் 1.3 டன் இழுவை. இதே கால் சுற்றை 3 மீட்டர் கம்பியில் கொடுத்தால் இழுவை இரட்டிப்பாகும். குட்டைக் கம்பியில் கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் சுவர் அசையாதபோதுதான். எங்கள் சுவரோ அசையும் சுவர். ஒவ்வொரு சுவருக்கும் தரையில் தனியே நட்ட கம்பத்தில் ஒரு டயல் கேஜைப் பொருத்தி, அதன் முள்ளைச் சுவரில் தொடவைத்திருந்தார் மேஸ்திரி. கால் சுற்று முடிந்தபோது இரு சுவரும் சேர்ந்து 0.5 மி.மீ. உள்ளே வந்திருந்தன. அப்படியானால் கம்பி நீண்டது 0.75 மி.மீ. மட்டும், இழுவை 800 கிலோ. மரை சொல்வது இடைவெளி எவ்வளவு குறைந்தது என்பதை. இழுவை பிறப்பதோ கம்பி நீண்ட அளவிலிருந்து மட்டும். இந்த வேலையில் நான் பெரிதாக மதிக்கும் பாடம் இதுதான்.

முறுக்கும்போது கம்பியும் கூடவே சுழலாதபடி இருபுறமும் ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு கம்பி நுனிகளும் உடலின் திறந்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் மரை போதுமான அளவு பிடிக்கவில்லை என்று பொருள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 டிகிரி குளிர்ந்தால் இந்தக் கம்பி 1.44 மி.மீ. சுருங்கப் பார்க்கும். அது கால் சுற்றைவிட அதிகம். செங்கல் சுவர் அவ்வளவு சுருங்காது. அதனால் மதியம் அளவாக இருந்த இழுவை ராத்திரியில் ஏறும். மதியம் முறுக்கிய கம்பியை விடியற்காலையில் மறுபடி தட்டிப் பார்த்து, டயல் கேஜையும் படித்த பிறகே லாக் நட்டை இறுக்குவோம்.