கொட்டிய முடியும் பழைய காய்ச்சலும்

2017இல் திருகோணமலையில் டெங்கு பரவிய வருடம். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, நைட் டியூட்டித் தாதி. ஸ்கார்ஃபைக் கழற்றினால் கொத்தாக முடி வந்தது. நிக்காஹுக்கு நாலு மாதந்தான். இராக்கண் விழிப்பென்று எண்ணெய் மாற்றிப் பார்த்தவள், கடைசியில் என்னோடு கிளினிக் வந்தாள்.

டொக்டர் அறுபது முடியளவு பிடித்து மெல்ல இழுத்தார். எட்டு கையோடு வந்தன, வேர்ப்பக்கம் வெள்ளைக் குமிழ்.

"மூன்று மாதத்துக்கு முன் என்ன வருத்தம்?"

டெங்குதான்! கடுங்காய்ச்சலில் வளர்ச்சி நின்ற முடிகள், இரண்டு மூன்று மாதம் கழித்தே உதிருமாம். வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நிற்கும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய்.

இரத்தச் சோதனையில் இரும்புச்சத்தும் குறைவு. மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் உடம்பில் சேராதென்றார்.

"டியூட்டியில பிளேன்டீ இல்லாம எப்படித் தாத்தா?" என்றாள் என்னிடம்.